மதிலடியில் நடந்த போர்
சந்திரகிரி முதல் ராய்ச்சூர் வரை

திருப்பதியிலும் சித்தூரிலும் குடியேறி வாழும் நம்மவர் குடும்பங்களில், விடுமுறை நாளில் குழந்தைகளுடன் சந்திரகிரிக் கோட்டைக்குச் சென்று வராதவர் அரியர். திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அக்கோட்டையில் ராஜ மஹாலையும், அதனுள் அமைந்த அருங்காட்சியகத்தையும் கண்டு களித்துத் திரும்புகிறோம். ஆயின் அம்மாளிகைகளைக் காத்து நின்ற மதிலையும் அகழியையும் நின்று நோக்குவோர் சிலரே. அரசர் வாழ்ந்த இடத்தை மாளிகை காட்டுகிறது. அவர் எதற்கு அஞ்சினார் என்பதையோ மதிலே காட்டுகிறது. ஆதலின் இத்திங்கள் மதிலைப் பற்றிச் சிறிது எழுதத் துணிகிறோம்.

கோட்டைப் போர் நம் முன்னோர்க்குப் புதியதன்று. முற்றுகையிடுவோர் உழிஞைப் பூவையும், உள்ளிருந்து காப்போர் நொச்சிப் பூவையும் சூடினர் என்பது புறப்பொருள் இலக்கண மரபு. திருவள்ளுவரும் அரணுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, உயரம், அகலம், உறுதி, நெருங்குதற்கு அருமை ஆகிய நான்கையும் அரணின் இலக்கணமாக எண்ணினார். இந்நான்கனுள் நெருங்குதற்கு அருமையே முற்றுகைக் கலையின் உயிர்நாடி. கோட்டைப் போரின் வரலாற்றை ஆராயுங்கால், பல முற்றுகைகள் மதிலின் உச்சியில் அன்று, அதன் அடியிலேயே முடிவாகியிருப்பதைக் காண்கிறோம்.

மதிலின் குருட்டிடம்

உயர்ந்த மதிலின்மேல் நிற்கும் வில்லாளி தொலைவில் வருபவனை எளிதில் எய்யலாம். ஆனால் பகைவன் மதிலின் அடியையே வந்து ஒட்டிக்கொண்டால், அவனை எய்ய வேண்டி மதிலுக்கு வெளியே தலையை நீட்டல் வேண்டும். நீட்டிய தலை எதிரியின் அம்புக்கு இலக்காகும். மதில் உயர உயர இக்குறையும் மிகும். பிற்காலத்தில் மதில்மேல் ஏற்றிய பீரங்கிக்கும் இதே இடர் உண்டு. அதன் வாயைக் கீழ்நோக்கிச் செங்குத்தாகச் சாய்த்தல் இயலாது.

கோட்டை கட்டிய தச்சர் இக்குருட்டிடத்தை நன்கறிந்திருந்தனர். அகழி தோண்டியது பகைவன் அவ்விடத்தை அணுகாதிருக்கவே. மதிலை நேர்க்கோடாக விடாமல் இடையிடையே கொத்தளங்களை முன்தள்ளிக் கட்டியது, ஒரு கொத்தளத்தின் அடியில் நிற்பவனை அடுத்த கொத்தளத்திலிருந்து பக்கவாட்டில் எய்வதற்கே. மதில் தலையில் பற்கள்போல் ஞாயில்களை நிறுத்தியது, எய்பவன் மறைந்து நிற்பதற்கே.

சந்திரகிரியில் பெரும் பாறைக் கற்களை அடுக்கிய மதிலும், அதனைச் சூழ்ந்த அகழியும், பின்புறம் அரணாக நிற்கும் குன்றும் சேர்ந்து இவ்வேலையைச் செய்தன. குன்று உயரத்தை மட்டும் தருவதன்று. பாறையைக் குடைந்து சுரங்கம் கொண்டுவருதல் அரிது என்பதே அதன் பெரும் பயன்.

சுரங்கமும் பன்றிக் கொழுப்பும்

சுரங்கம் என்றவுடன் தப்பியோடும் வழி என்றே நம்மில் பலர் எண்ணுவர். முற்றுகையிட்டோரின் சுரங்கம் வேறு வகையானது. தொலைவில், மரப் பந்தலின் மறைவில் அதனைத் தொடங்குவர். மதிலின் அடித்தளத்தை அடைந்ததும் அதற்குக் கீழுள்ள மண்ணை அகற்றி, மதிலின் பாரத்தை மரத்தூண்களால் தாங்கச் செய்வர். பின்னர் அக்குழியை விறகாலும் சுள்ளியாலும் நிரப்பித் தீயிடுவர். தூண்கள் எரிந்து விழ, மேலே நிற்கும் மதில் தன் பாரத்தாலேயே சரியும்.

இங்கிலாந்தில் ரோசெஸ்டர் கோட்டை 1215ஆம் ஆண்டில் இவ்வாறே தாக்குண்டது. ஜான் மன்னர் அக்கோட்டைக்குள் புகுந்திருந்த எதிர்ப்பாளரை ஏறத்தாழ ஏழு வாரம் முற்றுகையிட்டார். கல்லெறி பொறிகள் ஓயாது கல் பொழிந்தும் நடுக்கோபுரம் அசையவில்லை. அதன் தென்கிழக்கு மூலையின் கீழ்ச் சுரங்கம் தோண்டி, தீ மூட்டுவதற்கு உண்ணத் தகாத கொழுத்த பன்றிகள் 40 அனுப்புமாறு மன்னர் ஆணையிட்டார். அவ்வாணை இன்றும் ஏட்டில் உள்ளது. கொழுப்பின் தீயில் தூண்கள் எரிந்தன, மூலை சரிந்தது. ஆயினும் உள்ளிருந்தோர் உடனே பணிந்தாரில்லை. கோபுரத்தை இரண்டாகப் பிரித்து நின்ற குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிப் போரிட்டனர். பசியே இறுதியில் அவர்களைப் பணிய வைத்தது. பின்னாளில் அம்மூலையைச் செப்பனிட்டவர்கள் சதுரமாகக் கட்டாமல் வட்டமாகக் கட்டினர். சதுர மூலையில் இருபுறச் சுவரின் பாரமும் ஒரே இடத்தில் கூடுவதால் அதனைச் சாய்ப்பது எளிது. அன்றியும் அம்மூலையின் அடியைப் பிற இடத்திலிருந்து காண்பதும் அரிது. இன்றும் ரோசெஸ்டர் கோபுரத்தின் மூன்று மூலைகள் சதுரமாகவும், ஒன்று மட்டும் வட்டமாகவும் நிற்கக் காணலாம்.

உள்ளிருப்போர் சுரங்கத்தை எவ்வாறு அறிவர்? பகைவரின் பாசறைப் பக்கம் புதுமண் குவிவது முதல் அடையாளம். அதன்பின் மதிலடியில் நீர் நிரம்பிய பாத்திரங்களை வைத்து, நீர்மட்டம் நடுங்குகிறதா என நோக்குவர். நடுக்கம் கண்ட இடத்தில் உள்ளிருந்தே எதிர்ச்சுரங்கம் தோண்டித் தோண்டுவோரை மடக்குவர். நீர் நிறைந்த அகழி இருப்பின் இத்தொல்லை பெரிதும் குறையும். அகழியின் கீழே தோண்டும் சுரங்கத்தில் நீர் ஊறிவிடும்.

கல்லை விழுங்கிய மண்

கல்லெறி பொறி எவ்வாறு இயங்கியது எனவும் அறிதல் நன்று. நம் ஊர் ஏற்றத்தைப் போன்றதே அது. நெடிய மரத்தின் குறுகிய முனையில் பெரும்பாரம் தொங்கும். அல்லது பல ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுப்பர். நீண்ட முனையில் கவண் கட்டிக் கல்லை வைப்பர். பாரம் கீழே விழ, நீண்ட முனை மேலே வீசி எழுந்து கல்லைப் பாய்ச்சும். ஞாயில்களை உடைத்து மதில் தலையிலிருப்போரை விரட்டவும், உள்ளே வீடுகளை நொறுக்கவும் இது நன்கு பயன்பட்டது. தடித்த மதிலைப் பிளத்தலோ அரிதாயிற்று.

இவ்வுண்மை 1310ஆம் ஆண்டில் தெலுங்கு நாட்டிலேயே வெளிப்பட்டது. டில்லிப் படைத்தலைவர் மாலிக் காபூர், காகதீய மன்னர் பிரதாபருத்திரரை வாரங்கல்லில் முற்றுகையிட்டார். வெளியே மண்ணாலான மதில். உள்ளே அகழி சூழ்ந்து 45 கொத்தளங்களுடன் கூடிய கல்மதில். பொறிகள் வீசிய கல் மண்மதிலில் பட்டுச் சிறுவர் விளையாடும் கொட்டைபோல் துள்ளித் திரும்பும் என்று டில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரூவே எழுதுகிறார். கல் உடையும், மண்ணோ அடியை வாங்கிக்கொள்ளும். படையினர் அகழியைத் தூர்த்து, மதிலுக்குச் சரிவுமேடை எழுப்ப நினைத்து, அதற்கு நாளாகும் என்று கைவிட்டு, இறுதியில் மதிலேறியே வெளிக்கோட்டையைக் கைப்பற்றினர். அவர்கள் உள் அகழியை நெருங்கியபோது மன்னர் உடன்படிக்கைக்கு இசைந்தார்.

ராய்ச்சூரில் ஒரு கல்லுக்கு ஒரு விலை

திருமலைக் கோயிலின் பெருவாயிலைக் கடந்தவுடன், தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் செப்புச் சிலையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். 1513 முதல் 1521 வரை அவர் ஏழு முறை திருமலைக்கு வந்தார். அவ்வாண்டுகளுக்கிடையே, 1520இல், கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்ட ராய்ச்சூர்க் கோட்டையை அவர் முற்றுகையிட்ட வரலாற்றைப் போர்த்துக்கீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ் விரிவாக எழுதி வைத்துள்ளார்.

மூன்று வரிசை மதில்கள். சுண்ணாம்புச் சாந்தின்றி அடுக்கிய பெருங்கற்கள். உள்ளே இறுக்கிய மண். உச்சியில் வற்றாத ஊற்று. ஒரு கொத்தளத்தில் பேசுவது அடுத்ததில் கேட்கும் அளவுக்கு நெருக்கமான கொத்தளங்கள். 200 பெரும்பீரங்கிகள்; அவற்றுடன் கல்லெறி பொறிகளும் 30. இவற்றை அடக்கத்தக்க பெரும்பீரங்கிப் படை ராயரிடம் இல்லை. அவருடைய வீரர் குந்தாலியும் கடப்பாரையும் ஏந்தி மதிலடிக்கே ஓடினர்.

மண் நிரம்பிய மதில் பீரங்கிக் குண்டின் அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் சாந்தில்லாத கல்லை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துவிடலாம். இக்குறையைக் கண்ட ராயரின் தலைவர்கள், பெயர்த்துக் கொணர்ந்த கல்லின் அளவுக்கேற்ப 10 பணம் முதல் 50 பணம் வரை விலை கொடுத்தனர். பணம் என்பது அக்காலத்துச் சிறு பொற்காசு. கூலிக்கு உயிரைப் பணயம் வைத்தோர் பலர். மேலிருந்து பொழிந்த கல்லாலும் குண்டாலும் மடிந்தோரும் பலர். மாதங்கள் கடந்தும் கோட்டை வீழவில்லை.

இடையே பீஜப்பூர் அதிபர் இஸ்மாயில் அடில் கான் பெரும்படையுடன் உதவிக்கு வந்தார். மே 19ஆம் நாள் நடந்த வெளிக்களப் போரில் ராயர் அவரை முறியடித்து, மீண்டும் மதிலுக்குத் திரும்பினார். அப்போது குதிரை விற்க வந்திருந்த கிறிஸ்தோவாவோ தெ பிகெய்ரெதோ என்பவர், துப்பாக்கி ஏந்திய 20 போர்த்துக்கீசியருடன் துணை நின்றார். மதில்மேல் காவலர் அச்சமின்றி வெளிப்பட்டு உலவுவதை அவர் கவனித்தார். கீழே தோண்டுவோரைத் தாக்க வேண்டுமாயின் அவர்கள் தலையை நீட்டியாக வேண்டுமன்றோ! நீட்டிய தலைகளைத் துப்பாக்கிகள் குறி பார்த்தன. காவலர் மதிலை விட்டு ஒதுங்க, குந்தாலிக்காரர் தடையின்றிக் கல்லைப் பெயர்த்தனர். நிலைமையை அறிய எட்டிப் பார்த்த கோட்டைத் தலைவரும் நெற்றியில் குண்டு பாய்ந்து இறந்தார். மறுநாள் கோட்டை பணிந்தது.

இங்கே மதிலைப் பிளந்தது துப்பாக்கியன்று. அதன் சிறுகுண்டு கல்லை அசைக்காது. மதிலடியைக் காக்கும் கண்ணை அது மறைத்தது; குந்தாலி தன் வேலையை முடித்தது. 200 பீரங்கிகள் மேலிருந்தும் மதிலடியைப் பார்க்க இயலாமையே ராய்ச்சூரின் தோல்வி.

அடுத்த முறை சந்திரகிரிக்குச் செல்லும் அன்பர்கள், ராஜ மஹாலுக்குள் நுழையுமுன் சற்றே வெளியில் நின்று, மதிலின் அடியை நோக்குக. அகழி எங்கே செல்கிறது? மேலே நிற்பவன் தலையை நீட்டாமல் எவ்விடத்தைக் காண முடியும், எவ்விடத்தைக் காண முடியாது? அவ்விடத்தைச் சிறுவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அங்கே நிற்கும்போது, குந்தாலியுடன் அவ்விடத்தை நாடி ஓடிய பெயரறியா வீரனையும், அவனை வரவிடாது தடுக்க நினைத்த தச்சனையும் அவர்கள் ஒருங்கே அறிந்தவராவர்.