இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள்

ஜப்பானின் மக்கள்தொகைப் பிரமிடைப் பார்த்தால் கண் ஓரிடத்தில் இடறும். வயதுக்கு ஒரு பட்டையாக அடுக்கிய அந்தப் படத்தில் ஒரே ஒரு பட்டை மட்டும் இரண்டு பக்கமும் கடிபட்டதுபோல் உள்ளே போயிருக்கும். அது 1966-இல் பிறந்தவர்களின் பட்டை. 1965-இல் 18 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில், மறு ஆண்டு பிறந்தவை 13.6 லட்சம்தான். 1967-இல் எண்ணிக்கை 19 லட்சத்தைத் தாண்டியது. இடையில் போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டில் பிறக்கும் பெண், கணவனுக்கு ஆகமாட்டாள் என்பது அங்கே பழைய நம்பிக்கை. மூல நட்சத்திரப் பெண் என்றதும் ஜாதகத்தைத் திருப்பித் தரும் வீடுகள் உள்ள நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாட்டின் படத்தில் இவ்வளவு தெரிகிறது என்றால், ஓர் ஊரின் படத்தில் என்ன தெரியும்? செவிலியர் கல்லூரிகளிலும் சமூகப்பணித் துறைகளிலும் மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பி, வீடு வீடாகக் கணக்கெடுத்து ‘சமூக விவரக்குறிப்பு’ தயாரிக்கச் சொல்வது இதற்காகத்தான். அதில் முதலில் வரைவது பிரமிடு. அடுத்துப் போடுவது இரண்டு கணக்குகள்: பாலின விகிதம், சார்பு விகிதம்.

வரைவது எளிது. நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். அடியில் 0–4 வயது, அதன்மேல் 5–9, இப்படி ஐந்தைந்தாக ஏறி, உச்சியில் 80-க்கு மேற்பட்ட எல்லோரும் ஒரே பட்டை. அடி அகன்றிருந்தால் பிறப்பு அதிகம். அடி ஒடுங்கி இடுப்பு பருத்திருந்தால் பிறப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இன்றைய தமிழ்நாட்டின் வடிவம் இதுதான். ஒரு பக்கம் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இடப்பெயர்வு. வேலைக்கு வந்த வெளிநாட்டு ஆண்களால் நிரம்பிய கத்தாரின் படத்தில் இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஆண் பக்கம் அப்படிப் புடைத்து நிற்கும்.

பயிற்சிக்காக ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,200 பேர். பதினைந்து வயதுக்குள் ஆண் குழந்தைகள் 142, பெண் குழந்தைகள் 128. 15 முதல் 59 வரை ஆண்கள் 330, பெண்கள் 390. அறுபதும் அதற்கு மேலும் ஆண்கள் 92, பெண்கள் 118. கூட்டினால் ஆண்கள் 564, பெண்கள் 636.

பட்டைகளைச் சதவீதத்தில் வரையும்போதுதான் முதல் சறுக்கல் நேர்கிறது. ஆண்களை 564-ஆலும் பெண்களை 636-ஆலும் தனித்தனியே வகுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் உழைக்கும் வயது ஆண்கள் 58.5 சதவீதம், பெண்கள் 61.3 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லாதது போலிருக்கும். இரண்டையும் மொத்தமான 1,200-ஆல் வகுத்தால் 27.5, 32.5 என்று வரும். அறுபது ஆண்கள் குறைவாக இருப்பது அப்போதுதான் படத்தில் தெரியும்.

இனி பாலின விகிதம். இந்தியக் கணக்கில் இது ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. உலக அளவில் பல அறிக்கைகள் நூறு பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று தலைகீழாகச் சொல்லும். எண்ணை ஒப்பிடுமுன் அது எந்த வகை என்று பார்ப்பது நல்லது. 636-ஐ 564-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 1,128. தமிழ்நாட்டின் 2011 கணக்கு 996 என்பதால், இந்த ஊரில் பெண்களுக்கு நல்ல காலம் என்று அறிக்கையில் எழுதிவிடத் தோன்றும்.

அவசரப்படக் கூடாது. திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போன 70 ஆண்கள் இந்தப் பட்டியலில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர்களையும் சேர்த்தால் ஆண்கள் 634. விகிதம் 1,003-க்கு இறங்கிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணும் அவள் கைக்குழந்தையும் எந்த ஊர்க் கணக்கு? ஆறு மாதம் தங்கியவரே ஊர்க்காரர் என்பதுபோல் ஒரு விதியை முதல் வீட்டுக் கதவைத் தட்டுமுன் முடிவு செய்து, அதை அறிக்கையிலும் எழுதிவிட வேண்டும்.

அதனால் விகிதத்தை வயதுவாரியாகப் பிரித்தே படிக்க வேண்டும். முதியவர்களில் 1,283 வருகிறது. பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளிடம் வந்தால் 901. உடனே கருவிலேயே பெண்ணை அழிக்கும் ஊர் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? இயற்கையாகவே நூறு பெண்ணுக்குச் சுமார் 105 ஆண் பிறக்கிறது. அதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 952. அந்தக் கணக்கில் இந்த ஊரின் 270 பிள்ளைகளில் 132 பேர் பெண்களாக இருக்க வேண்டும். இருப்பவர்கள் 128. நாலே நாலு பேர் குறைவு! இவ்வளவு சிறிய கூட்டத்தில் வெறும் தற்செயலாகவே எட்டுப் பேர் வரை ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். 2011-இல் தமிழ்நாடு முழுவதற்கும் ஆறு வயதுக்குள் வந்த 943-ஐத் தற்செயல் என்று தள்ள முடியாது, ஏனென்றால் அது பல லட்சம் குழந்தைகளின் கணக்கு. ஊர் அளவில் சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் உள்ள பல ஆண்டுப் பிறப்புப் பதிவுகளையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சார்பு விகிதம் என்பது உழைக்கும் வயதில் உள்ள நூறு பேருக்கு, அந்த வயதுக்கு வெளியே எத்தனை பேர் என்பது. இங்கே பிள்ளைகள் 270, முதியவர்கள் 210, ஆக 480. உழைக்கும் வயதினர் 720. வகுத்து நூறால் பெருக்கினால் 67. இந்த ஒற்றை எண்ணோடு நிறுத்தினால் பாதி விஷயம் போய்விடும். பிள்ளைகளுக்கு 37.5, முதியவர்களுக்கு 29 என்று பிரித்தால்தான் ஊருக்கு அங்கன்வாடி போதுமா, முழங்கால் வலிக்கும் சர்க்கரைக்கும் மருந்து கிடைக்கிறதா என்ற கேள்விகள் எழும்.

முதுமை எங்கே தொடங்குகிறது என்பதிலும் ஒரு சிக்கல். இந்தியாவில் 60 என்று கொள்வது வழக்கம். உலக ஒப்பீடுகளில் பெரும்பாலும் 65. நம் ஊரில் 60–64 வயதில் 60 பேர் இருந்தால், கோட்டை 65-க்கு நகர்த்திய மாத்திரத்தில் 67 என்பது 54 ஆகிவிடும். ஊரில் யாரும் இளமை அடைந்துவிடவில்லை. தவிர, இது வயதுக் கணக்கே ஒழிய வருமானக் கணக்கு அல்ல. கல்லூரியில் படிக்கும் இருபது வயதுப் பையன் இதில் தாங்குபவன். விடியுமுன் ஆடு ஓட்டிப் போகும் எழுபது வயதுப் பாட்டி தாங்கப்படுபவர்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, ஜனங்கள் சொல்லும் வயது. “ஒரு அறுபது இருக்கும் போட்டுக்கோ தம்பி” என்பார் பெரியவர். நாற்பது, ஐம்பது, அறுபது என்று முழு எண்களில் வயதுகள் குவிவது பிரமிடில் பற்கள் போலத் துருத்திக்கொண்டு தெரியும். சோதிக்க எளிய வழி உண்டு. பெரியவர்களின் வயதை வருடவாரியாக அடுக்கி, 0-விலும் 5-இலும் முடிபவை எத்தனை என்று எண்ண வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் சரி. மூன்றில் ஒரு பங்கு என்றால் பலர் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது நினைவைத் தூண்டும் கேள்விகள் கைகொடுக்கும்: 1964-இல் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது நடக்கத் தெரிந்ததா, எம்.ஜி.ஆர். 1977-இல் முதலமைச்சரானபோது பள்ளிக்கூடம் போனீர்களா, சுனாமி வந்தபோது மூத்த பிள்ளைக்கு என்ன வயது? இப்படித் திரும்பக் கேட்டதில், அறுபது என்று எழுதியவர்களில் இருபது பேருக்கு உண்மையில் 58, 59தான் என்று தெரியவந்தால் சார்ந்திருப்போர் 460, உழைக்கும் வயதினர் 740. சார்பு விகிதம் 67-இலிருந்து 62-க்கு வந்துவிடும்.