லாச்சிக் காசும் கடன் கொப்பியும்

சிறுகடைக் கணக்கைப் பழக்கும் வெண்பலகைப் படத்துக்கான முக்கால் நிமிடப் பிரதியைக் கீழே தருகிறோம். சொல்லும் கோடும் ஒன்றாகவே முடியவேண்டும். படம் முந்தினால் பார்ப்பவர் சொல்லைக் கவனிக்கமாட்டார்.

0–8 விநாடி (லாச்சி வரைக, உள்ளே 2,000): "காலையில் லாச்சியில் 2,000 ரூபா."

8–17 (கூட்டல் குறி, 6,500): "கைக்காசு விற்பனை 6,500. இப்போது 8,500."

17–27 (கழித்தல் குறி, மூட்டை 4,000, அடுப்பு 500): "சாமான் வாங்க 4,000, வீட்டுச் செலவுக்கு 500. மிச்சம் 4,000."

27–36 (லாச்சிக்கு வெளியே கொப்பி, 1,200): "கடனுக்குக் கொடுத்த 1,200 லாச்சியில் சேராது. பெயரோடு கொப்பியில் எழுதுங்கள்."

36–45 (எண்ணும் கை, 3,700): "இரவில் 3,700தான் இருக்கிறதா? எழுதாத செலவையோ, கைக்காசென்று எழுதிய கடனையோ தேடுங்கள்."

கடன் திரும்பி வரும் நாளில் அதை வரவில் எழுதி, கொப்பியில் வெட்டவேண்டும். அதைப் புதிய விற்பனையாக எழுதினால் ஒரே சாமான் இருமுறை விற்றதாகிவிடும்.