'லியன்' போனால் வேலை போச்சா? ஆலைக் கையேடு தமிழுக்கு வரும்போது கவனிக்க வேண்டியவை

காஞ்சிபுரத்தில் தறியை விட்டு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறும் இளைஞர்கள் உண்டு. தறியில் லீவு என்ற பேச்சே கிடையாது, நெய்தால் கூலி. ஆலையிலோ லீவுக்கும் நடத்தைக்கும் தனிக் கையேடே இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில். அதைத் தமிழாக்கும்போது எங்கே சறுக்குகிறது?

மிக மோசமாகச் சறுக்குவது 'லியன்' என்ற சொல்லில். 1946-ஆம் ஆண்டின் மத்திய மாதிரி நிலையாணைகளின்படி, லீவு முடிந்து 8 நாளுக்குள் திரும்பி வந்து காரணம் சொல்லாத தொழிலாளி தன் 'லியன்' உரிமையை இழப்பார். அகராதி பார்த்து 'பற்றுரிமை' என்று போட்டால் யாருக்கும் புரியாது. 'வேலை போய்விடும்' என்று எழுதினால் புரியும், ஆனால் அது தவறு. போவது அந்த நிரந்தர இடம். அவர் பெயர் பதிலிப் பட்டியலுக்குப் போகும். எனவே இப்படி எழுதலாம்: "லீவு 10-ம் தேதி முடிந்தால் 18-ம் தேதிக்குள் வந்து, தாமதத்துக்குக் காரணம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நிரந்தர இடம் போகும். பெயர் பதிலிப் பட்டியலில் இருக்கும்."

சில ஆலைகளின் விதி இதைவிடக் கடுமை: 8 நாள் வராவிட்டால் தானாகவே விலகியதாகக் கருதப்படும் என்று இருக்கும். அப்படி ஒரு விதியை வைத்து நீக்கப்பட்ட டி.கே.யாதவ் வழக்கில், விசாரணை இல்லாமல் நீக்கியது செல்லாது என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிச் சம்பள பாக்கியோடு வேலையும் திரும்பக் கிடைத்தது. தமிழ்க் கையேட்டில் 'தானாகவே' என்று மட்டும் படிப்பவர், 'அவ்ளோதான், போச்சு' என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்.

அடுத்தது 'சஸ்பென்ஷன்'. பத்திரிகைத் தமிழில் அது பணியிடை நீக்கம். டிஸ்மிஸ் என்றால் பணிநீக்கம். (இந்தக் குழப்பத்தில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு.) இரண்டிலும் 'நீக்கம்' இருப்பதால் கடிதம் கையில் வந்ததும் வேலை போனதாகவே பலருக்குப் படும். விசாரணைக்குப் போகாவிட்டால், அவர் தரப்பைக் கேட்காமலேயே முடிவெடுக்கப்படலாம். 'விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம்; வேலை போகவில்லை' என்று முழு வாக்கியமாகவே எழுதுவது நல்லது. கூடவே பிழைப்பூதியத்தையும் சொல்ல வேண்டும்: 1946 சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். அதற்கு மேல் விசாரணை இழுத்தால், தாமதம் தொழிலாளியால் இல்லாதபட்சத்தில், முக்கால் பங்கு.

அந்தச் சட்டமே, வாசலருகே பலகையில் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் நிலையாணைகளை ஒட்டச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு வந்துவிட்டது. சம்பளத்தோடு கூடிய ஆண்டு லீவுக்கான தகுதியும் 240 வேலை நாளிலிருந்து 180 ஆகக் குறைந்திருக்கிறது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு என்ற கணக்கு மாறவில்லை. 200 நாள் உழைத்தவருக்கு 10 நாள். பழைய கையேட்டை அப்படியே தமிழாக்கினால் அவருக்கு ஒரு நாள்கூட இல்லை என்று வரும்.