சரியும் ஏணியின் வேகம்

ஒரு சமன்பாட்டால் பிணைந்த இரண்டு அளவுகளில் ஒன்று மாறினால் மற்றதும் மாறியே தீரும். ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது தெரிந்தால், அந்தச் சமன்பாட்டைக் கொண்டே மற்றது மாறும் வேகத்தையும் கண்டுபிடித்துவிடலாம். நுண்கணிதத்தில் இவ்வகைக் கணக்குகளைத் தொடர்புடைய வீதங்கள் என்பார்கள்.

ஊதப்படும் பலூன் இதற்கு எளிய உதாரணம். பலூன் சரியான கோள வடிவில் இருப்பதாகவும், அதற்குள் வினாடிக்கு 100 கன சென்டிமீட்டர் காற்று சீராகப் புகுவதாகவும் கொள்வோம். காற்று ஒரே சீராகப் புகுந்தாலும் பலூனின் ஆரம் ஒரே சீராக வளர்வதில்லை. புதிதாக வரும் காற்று, ஏற்கெனவே இருக்கும் கோளத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உறையாகப் படிகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். கோளத்தின் புறப்பரப்பு 4πr². ஆகவே கன அளவு கூடும் வீதம் என்பது புறப்பரப்பையும் ஆரம் கூடும் வீதத்தையும் பெருக்கி வருவது:

dV/dt = 4πr² × dr/dt

ஆரம் 5 சென்டிமீட்டராக இருக்கும்போது அது வினாடிக்குச் சுமார் 3.2 மில்லிமீட்டர் வளர்கிறது. 10 சென்டிமீட்டரை எட்டும்போது புறப்பரப்பு நான்கு மடங்காகிவிடுவதால், வளர்ச்சி 0.8 மில்லிமீட்டராகக் குறைகிறது. முதலில் சட்டென்று பெருக்கும் பலூன் பிறகு மெதுவாக வளர்வதுபோல் தெரிவதற்கு இதுவே காரணம்.

பாடப்புத்தகங்களில் மிகவும் பெயர்பெற்ற கணக்கு ஏணிக் கணக்கு. 5 மீட்டர் நீள ஏணி ஒன்று செங்குத்தான சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடியைச் சுவரிலிருந்து விலகும்படி வினாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் சீராக இழுக்கிறார்கள். அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும் கணத்தில், ஏணியின் மேல்முனை என்ன வேகத்தில் இறங்குகிறது?

சுவரிலிருந்து அடி இருக்கும் தூரத்தை x என்றும், தரையிலிருந்து மேல்முனை இருக்கும் உயரத்தை y என்றும் கொள்வோம். சுவர், தரை, ஏணி மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம். பிதாகரஸ் தேற்றப்படி

x² + y² = 25

ஏணி சரியும்போது x, y இரண்டும் மாறுகின்றன. ஆனால் இந்தச் சமன்பாடு ஒவ்வொரு கணத்திலும் உண்மையாகவே இருக்கிறது. x² கூடும் அளவுக்கு y² குறைந்தாக வேண்டும்.

x² என்ன வீதத்தில் கூடுகிறது? x பக்கமுள்ள ஒரு சதுரத்தை நினைத்துக்கொண்டால் விடை எளிது. பக்கம் சற்றே நீளும்போது, சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் x நீளமுள்ள இரண்டு மெல்லிய பட்டைகள் சேர்கின்றன. மூலையில் வரும் துணுக்கு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. எனவே x² கூடும் வீதம் 2x × dx/dt. y²-க்கும் இதே விதிதான். இரண்டின் கூட்டுத்தொகை மாறாமல் 25 ஆகவே இருப்பதால், வீதங்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம்:

2x × dx/dt + 2y × dy/dt = 0

இதிலிருந்து dy/dt = −(x/y) × dx/dt என்று வருகிறது. கேட்ட கணத்தில் x = 3; ஆகவே y = 4. இவற்றை இட்டால் விடை −0.375. மேல்முனை வினாடிக்கு 37.5 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. உயரம் குறைவதைக் கழித்தல் குறி காட்டுகிறது.

விடையை நுண்கணிதம் இல்லாமலேயே சரிபார்க்கலாம். வினாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் அடி 3 மீட்டரிலிருந்து 3.005 மீட்டருக்கு நகரும். அப்போது பிதாகரஸ் தேற்றம் தரும் உயரம், 4 மீட்டரைவிடச் சுமார் 3.755 மில்லிமீட்டர் குறைவு. அதாவது வினாடிக்கு 37.55 சென்டிமீட்டர். இன்னும் சிறிய நேரத்தை எடுத்துக்கொண்டால் இது 37.5-ஐ மேலும் நெருங்கும்.

மாணவர்கள் இந்தக் கணக்கில் அடிக்கடி தவறுவது ஓரிடத்தில்தான். y = 4 என்பதை முதலிலேயே சமன்பாட்டில் போட்டுவிடுகிறார்கள். உடனே அது x² + 16 = 25 ஆகிவிடுகிறது; ஏணியின் உயரம் மாறவே மாறாது என்று சொன்னதாகிவிடுகிறது. அதை வகையிட்டால் dx/dt = 0 என்று வரும். வினாடிக்கு 0.5 மீட்டர் நகர்வதாகச் சொல்லப்பட்ட அடி நகரவே இல்லை என்ற இந்த முரண்பாடே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். எப்போதும் மாறாத ஏணியின் நீளத்தை முதலிலேயே இடலாம். ஒரு கணத்துக்கு மட்டும் பொருந்தும் எண்களை வகையிட்ட பிறகே இட வேண்டும்.

கிடைத்த சூத்திரம் ஒரு விந்தையையும் காட்டுகிறது. அடி சீரான வேகத்தில் நகர்ந்தாலும் மேல்முனையின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. உயரம் 3 மீட்டராகும்போது அது வினாடிக்குச் சுமார் 0.67 மீட்டர், 1.4 மீட்டராகும்போது 1.7 மீட்டர். y பகுதியில் இருப்பதால், உயரம் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வேகம் வரம்பின்றி வளர்கிறது. தரைக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே இருக்கும்போது வேகம் வினாடிக்கு 2,500 மீட்டர் என்கிறது சூத்திரம். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல் இது ஏழு மடங்கு. எந்த ஏணியும் அப்படி விழுவதில்லை.

வகையிட்டதில் பிழை ஏதுமில்லை. மேல்முனை சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டதுதான் கடைசிவரை செல்லாது. சுவரால் ஏணியைத் தள்ள முடியும். தன்பக்கம் இழுத்துவைக்க முடியாது. தொடக்கத்தில், சுவர் தடுக்காவிட்டால் ஏணி இதைவிட வேகமாகச் சாயும் என்பதால் மேல்முனை சுவரை அழுத்தியபடி இறங்குகிறது. ஆனால் தொட்டபடியே இறங்குவதற்குத் தேவையான முடுக்கம் ஏறிக்கொண்டே போகிறது. ஓர் உயரத்துக்குக் கீழே அவ்வளவு முடுக்கத்தைப் புவியீர்ப்பால் தர முடிவதில்லை. அங்கே மேல்முனை சுவரைவிட்டு விலகுகிறது.

ஏணி முழுவதும் சீரான எடை கொண்டது, சுவரில் உராய்வு இல்லை, அடி தரையை விட்டு எழாமல் அதே வேகத்தில் நகர்கிறது என்று கொண்டால் அந்த உயரத்தை இயக்கவியல் விதிகளால் கணக்கிடலாம். ஏணியின் நீளம் L, அடியின் வேகம் v, புவியீர்ப்பு முடுக்கம் g எனில்

y³ = 2v²L² / (3g)

நம் ஏணிக்கு இது ஏறக்குறைய 75 சென்டிமீட்டர். அந்த இடத்தில் மேல்முனையின் வேகம் வினாடிக்குச் சுமார் 3.3 மீட்டர். அதன் பிறகு ஏணி, அடியை அச்சாகக் கொண்டு விழும் ஒரு கம்பிதான். மேல்முனை தரையில் மோதும்போது அதன் வேகம் வினாடிக்கு 5.8 மீட்டர் அளவிலேயே நிற்கிறது.

சுவரைவிட்டு விலகிய பிறகு x² + y² = 25 என்பது பொருந்தாது. ஏனென்றால் மேல்முனைக்கு நேர் கீழே இப்போது சுவர் இல்லை. முக்கோணத்தின் ஒரு பக்கம் கலைந்துவிட்டது. வீதங்களை இணைக்கும் சமன்பாடு எதுவரை உண்மையோ, அதிலிருந்து பெற்ற வேகமும் அதுவரைதான் உண்மை. இந்த ஏணியைப் பொறுத்தவரை அந்த எல்லை, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரம்.