பாதி மூடிய இலைத்துளைகள்

மண் காய்ந்தால் எந்தப் பயிரும் நீரைக் காக்க இலைத்துளைகளை ஒடுக்கும். அப்போது கரியமில வாயுவின் வரவும் குறையும். நெல்லுக்குச் சிக்கல் இங்கேதான்: அதன் ரூபிஸ்கோ நொதி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளத் தொடங்க, சேர்த்த கார்பனில் ஒரு பகுதி வீணாகிறது.

கேழ்வரகிலும் சோளத்திலும் வேறொரு நொதி முந்திக்கொள்கிறது. அது ஆக்சிஜனைத் தொடுவதே இல்லை. கிடைக்கும் சொற்ப வாயுவையும் நான்கு கார்பன் அமிலமாக்கி, இலை நரம்பைச் சூழ்ந்த உறை செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே அமிலம் உடைந்து கரியமில வாயு செறிவாக வெளிப்படுவதால் ரூபிஸ்கோ தடம் மாறுவதில்லை. துளைகள் பாதி மூடியிருந்தாலும் உணவு தயாராகிறது. ஒரு கிராம் உலர் எடைக்கு நெல் செலவிடும் நீரில் ஏறத்தாழ பாதி சோளத்துக்குப் போதும்.

ஆனால் பூக்கும் சமயத்தில் வறட்சி நீடித்தால் சோளத்திலும் மணி குறையும். அப்போது ஒரு தண்ணீராவது கட்டாயம் பாய்ச்ச வேண்டும்.