சூழல்சாரா இலக்கணமும் ஒரு சுவிஸ் வாக்கியமும்

சூழல்சாரா இலக்கணம் என்பது ஒரு குறியீட்டை வேறு குறியீடுகளாகவோ சொற்களாகவோ விரிக்கும் விதிகளின் தொகுப்பு. விரிக்கப்படும் குறியீட்டுக்கு முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்று விதி பார்ப்பதில்லை, பெயர்க்காரணம் அதுவே. 1950களில் நோம் சோம்ஸ்கி இலக்கணங்களை ஆற்றலின்படி வரிசைப்படுத்தியபோது இவ்வகைக்கும் இடம் வகுத்தார்.

வேற்றுமை உருபுகளை ஒதுக்கிவிட்டால், தமிழின் ஒரு சிறு பகுதிக்கு இரண்டு விதிகள் போதும்:

```
வாக்கியம் → பெயர் வினை
வாக்கியம் → பெயர் வாக்கியம் வினை
```

“ரவி, கமலா முருகன் வந்ததைப் பார்த்ததைச் சொன்னான்” என்ற வாக்கியத்தில் இரண்டாம் விதி இருமுறையும் முதல் விதி ஒருமுறையும் செயல்படுகின்றன. எந்த விதி எங்கே விரிந்தது என்பதை வரைந்தால் கிடைப்பது பகுப்பு மரம். அதையே அடைப்புக்குறிகளால் இப்படி எழுதலாம்:

```
[ரவி [கமலா [முருகன் வந்ததை] பார்த்ததை] சொன்னான்]
```

கடைசியாக வந்த பெயருக்கு முதல் வினை. முதலில் வந்த பெயருக்குக் கடைசி வினை. தட்டுகளை அடுக்கி மேலிருந்து எடுப்பது போன்ற இந்த ஒழுங்கைச் சூழல்சாரா விதிகள் எளிதில் கையாளும்.

சுவிஸ் ஜெர்மனில் ஒழுங்கு வேறு. “ஹான்ஸ் வீட்டுக்கு வண்ணம் பூச நாங்கள் உதவினோம்” என்பதை, துணைவாக்கியத்தில், ‘நாங்கள் – ஹான்ஸுக்கு – வீட்டை – உதவினோம் – பூச’ என்ற வரிசையில் சொல்வார்கள். முதல் பெயர் முதல் வினைக்கும், இரண்டாம் பெயர் இரண்டாம் வினைக்கும் உரியவை. இணைக்கும் கோடுகளை வரைந்தால் அவை ஒன்றையொன்று வெட்டும்.

டச்சு மொழியிலும் இத்தகைய வரிசை உண்டு. ஆனால் அங்கே பெயர்களில் வேற்றுமை உருபு இல்லாததால், பெயர்களின் எண்ணிக்கையும் வினைகளின் எண்ணிக்கையும் பொருந்தினால் போதும். அதைச் சூழல்சாரா விதிகளே பார்த்துக்கொள்ளும். சுவிஸ் ஜெர்மனில் ‘உதவு’ நான்காம் வேற்றுமையையும், ‘பூசு’ இரண்டாம் வேற்றுமையையும் கேட்கும். உருபு மாறினால் வாக்கியம் பிழை.

ஸ்டூவர்ட் ஷீபர் 1985இல் இதையே சான்றாக்கினார். நான்காம் வேற்றுமைப் பெயர்கள் m, இரண்டாம் வேற்றுமைப் பெயர்கள் n என்று வரிசையாக வந்தால், அவற்றைக் கேட்கும் வினைகளும் முறையே m, n என்றே தொடர வேண்டும்:

```
aᵐ bⁿ cᵐ dⁿ
```

a-க்களை c-க்களோடு ஒப்பிட, இடையில் அடுக்கின் மேலே கிடக்கும் b-க்கள் தடுக்கும். அவற்றை அகற்றினால் d-க்களைச் சரிபார்க்க எதுவும் மிஞ்சாது. எந்தச் சூழல்சாரா இலக்கணமும் இந்த வடிவத்தை உருவாக்க முடியாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்டது.

அரவிந்த் ஜோஷி முன்வைத்த மர இணைப்பு இலக்கணம் இதற்கு ஒரு வழி. அதில் ஒரு பெயரும் அதற்குரிய வினையும் ஒரே சிறு மரத்தில் சேர்ந்திருக்கும். அந்த மரத்தை இன்னொன்றின் நடுவில் செருகலாம் என்பதால், பெயரும் வினையும் விலகினாலும் உறவு அறுவதில்லை. இதற்கு விலை கணிப்பு நேரம். வழக்கமான முறைகளில் வாக்கியத்தின் நீளம் இரட்டித்தால், சூழல்சாரா பகுப்புக்கு மிக மோசமான நிலையில் 8 மடங்கு நேரம் ஆகும். மர இணைப்புப் பகுப்புக்கு 64 மடங்கு. ஆகவே இயல்மொழிக்கு வேண்டியது வரம்பற்ற ஆற்றல் அல்ல, சூழல்சாரா நிலைக்குச் சற்றே மேற்பட்டது என்பதே ஜோஷியின் முடிவு.