கூடுதலாகப் போன சம்பளத்தைத் திருப்பிக் கேட்பது எப்படி?

"தங்களுக்குத் தவறுதலாக வழங்கப்பட்ட மிகை ஊதியம் ரூ.16,800 நவம்பர் மாத ஊதியத்தில் ஒரே தவணையில் பிடித்தம் செய்யப்படும்." இப்படி ஒரு கடிதம் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் அவர் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டார். மாதம் 2,400 ரூபாய் இரவுப்படியை மட்டும் சம்பளப் பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அக்டோபர் வரை ஏழு மாதம் அது போய்க்கொண்டே இருந்தது.

அவருடைய இப்போதைய சம்பளம் 16,100 ரூபாய். கேட்கும் தொகையோ அதைவிட அதிகம்! கூடுதலாகக் கொடுத்த கூலியைப் பிடித்துக்கொள்ள ஊதியச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இவருக்கு அது 8,050 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. போன்றவையும் இதற்குள் அடக்கம்.

தொகையிலும் பிழை. இரவுப்படிக்கும் சேர்த்து 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், மாதத்துக்கு 18 ரூபாய் வீதம் 126 ரூபாய் அவர் கைக்கே வரவில்லை. கைக்கு வந்தது 16,674 தான். அதைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று: "தவறுதலாக வழங்கப்பட்ட" என்றால் யார் தவறு? படிக்கிறவருக்குத் தன்மேல் பழி வந்ததுபோல இருக்கும். திருத்தி எழுதினால் இப்படி வரலாம்:

"ஏப்ரல் முதல் நீங்கள் பகல் ஷிப்டில் வேலை செய்கிறீர்கள். அந்த மாற்றத்தைச் சம்பளப் பட்டியலில் பதியாமல் விட்டது எங்கள் அலுவலகத்தின் தவறு. அதனால் அக்டோபர் வரை உங்களுக்குக் கூடுதலாகச் சேர்ந்த தொகை ரூ.16,674. மாதவாரிக் கணக்கு இத்துடன் உள்ளது. பொங்கல் கழிந்து, பிப்ரவரிச் சம்பளத்திலிருந்து மாதம் ரூ.1,400 வீதம் பதினோரு மாதமும், கடைசி மாதம் ரூ.1,274-ம் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். வட்டி கிடையாது. தவணை அதிகம் என்று பட்டால், கணக்கில் சந்தேகம் இருந்தால், டிசம்பர் 15-க்குள் சொல்லுங்கள். உங்கள் பதிலைப் பார்த்த பிறகே பிடித்தம் தொடங்கும்."

"வருந்துகிறோம்" என்று பத்து வரி எழுதுவதைவிட அந்தக் கடைசி வாக்கியம் பெரிது. இடையில் வேலையை விட்டால் மீதி என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட வேண்டும். பிற்பாடு சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

அரசு ஊழியர் விஷயம் வேறு. 2014-இல் ரஃபீக் மசீ வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமும் ஓய்வுபெற்றவர்களிடமும் இப்படி வசூலிக்கக் கூடாது என்றது. ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவந்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது.

உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த மாதங்களின் சம்பளச் சீட்டை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள்.